ஓட்டாத காருக்கு மூணு மாசம் பெட்ரோல் காசு எடுத்து வச்சேன், அப்புறம் ஸ்கூட்டர் வாங்கினேன்

நாலு வருஷமா சேத்த காசு கையில இருக்கு, அந்த காசுக்கு ஒரு புது ஸ்கூட்டரும் வரும், அதவிட கம்மி விலைக்கு ஒரு பழைய காரும் வரும்னா யாருக்கா இருந்தாலும் மனசு கார் பக்கம்தான் சாயும். எனக்கும் சாஞ்சது. வீட்ல எல்லாரும் கார்னுதான் சொன்னாங்க, அப்பா ரொம்பவே. "மழைல நனைய வேண்டாம், அம்மாவ கூட்டிட்டு போலாம், விலையும் கம்மி, இதுல யோசிக்க என்னம்மா இருக்கு"ன்னார். அவர் சொன்னதுல ஒண்ணுகூட தப்பில்ல. ஆனாலும் நான் ஸ்கூட்டர்தான் வாங்கினேன். எப்படி அந்த முடிவுக்கு வந்தேன்னு விவரமா எழுதறேன், இதே யோசனைல இருக்கற யாருக்காவது உதவும்.

விலை இடத்துக்கு இடம் மாறும், அதனால ஸ்கூட்டரோட மொத்த விலைய, அதாவது ரிஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து 100ன்னு வச்சுக்கறேன். அந்த கணக்குல என் கையில இருந்தது 118. நான் பாத்த காரோட விலை 82.

சேத்த கதைய சுருக்கமா சொல்லிடறேன். சம்பளம் வர்ற அன்னிக்கே அஞ்சுல ஒரு பங்கு தனி அக்கவுண்டுக்கு போயிடும், அந்த அக்கவுண்டுக்கு கார்டே வாங்கல. நடுவுல மூணு தடவ அதுல கை வைக்க வேண்டி வந்துச்சு, ஒரு தடவ அம்மாவோட கண் ஆபரேஷனுக்கு, மத்த ரெண்டும் சின்னது. மூணு வருஷத்துல முடியும்னு நெனச்சது நாலு வருஷம் ஆச்சு. அவ்ளோதான்.

எனக்கு உண்மையா உதவினது கடைசி ஆறு மாசத்துல நான் செஞ்ச ஒரு விஷயம். வண்டி வாங்கறதுக்கு முன்னாடியே வண்டி இருக்கற மாதிரி செலவு பண்ணி பாத்தேன். எனக்கு வேலைக்கு போக வர 22 கிலோமீட்டர், மாசம் 25 நாள், ஆக 550 கிலோமீட்டர். நான் பாத்துட்டு இருந்த வகை சின்ன கார், பழசாயிட்டா நெரிசல் ரோட்ல லிட்டருக்கு 14 கிலோமீட்டர் குடுத்தா பெருசு, அப்போ மாசத்துக்கு 39 லிட்டர். 125 சிசி ஸ்கூட்டர் அதே ரோட்ல 45 குடுக்கும்னு வச்சா 12 லிட்டர் சொச்சம். கார் கணக்குல 39 லிட்டருக்கான காச ஒரு கவர்ல போட்டேன், அதோட பார்க்கிங், இன்சூரன்ஸ்ல பன்னெண்டுல ஒரு பங்கு, டயர் சர்வீஸ்க்குன்னு ஒரு தொகை, எல்லாத்தையும் மாசா மாசம் நெஜமாவே எடுத்து வச்சேன். பேப்பர்ல போடற கணக்கு எல்லாத்தையும் சரின்னுதான் காட்டும், காச கையில எடுத்து ஒதுக்கி வச்சிட்டு மிச்சத்துல வாழ்ந்து பாத்தாதான் தெரியும்.

மூணு மாசம் கார் கணக்கு. சம்பளத்துல நூத்துக்கு 27 போச்சு. ரெண்டாவது மாசம் 20ஆம் தேதிக்கே கவர்ல இருந்து திருப்பி எடுத்தேன். மூணாவது மாசமும் அப்படியே. அடுத்த மூணு மாசம் ஸ்கூட்டர் கணக்கு, நூத்துக்கு 9 போச்சு, அந்த கவர தொடவே வேண்டி வரல. நான் நாலு வருஷமா மாசம் 20 சேத்து பழகினவ, அதனால 9ங்கறது எனக்கு ஒரு பாரமாவே தெரியல, ஆனா 27 நான் சேத்துட்டு இருந்ததயே தாண்டி போயிடுச்சு. கார் வாங்கியிருந்தா சேமிப்புன்னு ஒண்ணு அதோட நின்னிருக்கும்.

அதே ஆறு மாசத்துல இன்னொண்ணும் குறிச்சு வச்சேன், இது அக்கா சொன்ன யோசனை. நெஜமாவே கார் இல்லாம முடியாதுங்கற பயணம் எத்தனைன்னு ஒரு நோட்ல எழுதினேன். அம்மாவ ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனது, நாலு பேரா ஒரு விசேஷத்துக்கு போனது, பெரிய சாமான் ஒண்ணு எடுத்துட்டு வந்தது. ஆறு மாசத்துல மொத்தம் பதிமூணு. அந்த பதிமூணுக்கும் வாடகை கார் புடிச்சா மாசத்துக்கு சம்பளத்துல நூத்துக்கு 3 வருது. அப்போ ஸ்கூட்டர் 9, வாடகை கார் 3, சேத்து 12. அப்பாகிட்ட இந்த நோட்ட காட்டினேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு "சரி, கார போய் ஒரு தடவ பாத்துட்டாவது வா"ன்னார். அதுவும் நியாயம்தான்னு போனேன்.

கார் பாக்க தனியா போகாம, எங்களுக்கு தெரிஞ்ச மெக்கானிக் அண்ணாவ அரை நாள் கூலி குடுத்து கூட்டிட்டு போனேன். அந்த கூலிதான் இந்த முழு கதைலயும் நான் செஞ்ச ரொம்ப நல்ல செலவு. பதினோரு வருஷ கார், வெளிய பாக்க பளபளன்னு இருந்துச்சு, ஓடோமீட்டர் 68,200ன்னு காட்டுச்சு. அண்ணா முதல்ல பெயிண்ட பாக்கல, நேரா போய் பானெட் மேல உள்ளங்கைய வச்சார். சுட்டுச்சு. நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி ஓட விட்டிருக்காங்க. "முன்னாடியே சொல்லி வச்சிருக்கணும்மா, நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு. ஆறின இன்ஜின்தான் உண்மைய சொல்லும்"னார். வயசான இன்ஜின் ஆயில் குடிச்சா, ராத்திரி முழுக்க நின்ன வண்டிய காலைல முதல் தடவ ஸ்டார்ட் பண்றப்பதான் நீல புகை வரும், சூடானப்புறம் அது மறைஞ்சிடவும் சான்ஸ் இருக்கு. அதனால ஒரு மணி நேரத்துக்கு மேல காத்திருந்து ஆற விட்டோம், வித்தவருக்கு அது புடிக்கல.

அந்த நேரத்துல அண்ணா எனக்கு ஒவ்வொண்ணா காட்டினார். டயரோட பக்கவாட்டுல DOTன்னு ஆரம்பிச்சு ஒரு நம்பர் இருக்கும், அதோட கடைசி நாலு எண்தான் டயரோட பொறந்த தேதி. அதுல 2317ன்னு இருந்துச்சு, 2017ல 23ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். நாங்க பாத்தப்போ அதுக்கு ஏழு வயசு. பட்டன் தேயாம நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா நகத்தால பக்கவாட்ட லேசா மடக்கி பாத்தா முடி மாதிரி விரிசல் ஓடியிருந்துச்சு. ரப்பர் ஓடாம நின்னாலும் வயசாகும், இறுகிப் போயிடும், மழைல புடிப்பு இருக்காது. நாலும் மாத்தணும்.

அப்புறம் பிரேக் பெடலோட ரப்பர். நடுவுல வரியெல்லாம் அழிஞ்சு வழவழன்னு இருந்துச்சு, ஸ்டியரிங்கும் அதே மாதிரி பத்து மணி பக்கம் மினுமினுத்துச்சு. 68,000 ஓடின வண்டிக்கு இது அதிகம்னு அண்ணா முனகினார். கொஞ்ச நேரத்துல பானெட்டுக்கு உள்ள, ஒரு ஓரத்துல கம்பில கட்டி தொங்கின எண்ணெய் படிஞ்ச அட்டைய துடைச்சு என்கிட்ட நீட்டினார். ஆயில் மாத்தினப்போ எழுதி கட்டற அட்டை. அதுல பால்பாயிண்ட் பேனால எழுதியிருந்துச்சு, அடுத்த ஆயில் 94,500ன்னு. மீட்டர்ல 68,200, அட்டைல 94,500. வித்தவர கேட்டா "எனக்கு முன்னாடி வச்சிருந்தவர் காலத்து அட்டையா இருக்கும்"னார். முன்னாடி காலத்து அட்டைன்னா இப்போ மீட்டர் அதவிட அதிகமாதான இருக்கணும். அவருக்கே தெரியாம வாங்கியிருக்கலாம், நான் அவர குத்தம் சொல்ல வரல. ஆனா கிலோமீட்டர் பொய்னா அத வச்சு நம்பற எல்லாமே போச்சு.

அதுல முக்கியமானது டைமிங் பெல்ட். அந்த கார்ல செயின் இல்ல, ரப்பர் பெல்ட். இன்ஜின் உள்ள வால்வும் பிஸ்டனும் ஒண்ணோட ஒண்ணு மோதாம நேரத்துக்கு திறந்து மூட வைக்கறது அதுதான். குறிப்பிட்ட கிலோமீட்டர் அல்லது குறிப்பிட்ட வருஷம், எது முதல்ல வருதோ அப்போ மாத்தணும். நிறைய இன்ஜின்ல அது ஓட்டத்துல அறுந்தா வால்வு மேல பிஸ்டன் இடிச்சு வளைச்சிடும், அப்புறம் இன்ஜின பிரிச்சுத்தான் வேலை. பாக்கறதுக்கு பெல்ட் நல்லா இருக்கறதால ஒண்ணும் சொல்ல முடியாது, மாத்தின பில் இல்லன்னா மாத்தலன்னுதான் எடுத்துக்கணும். பில் இல்ல.

கடைசியா ஸ்கேனர போட்டார். கோளாறு எதுவும் காட்டல, எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. அண்ணா ஸ்கேனர்லயே இன்னொரு பக்கத்த எடுத்து காட்டினார், வண்டி தானா ஓட்டி முடிக்க வேண்டிய சுய பரிசோதனைல பாதி இன்னும் முடியலன்னு இருந்துச்சு. அப்படின்னா யாரோ ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடி கோளாற அழிச்சிருக்காங்க, இல்லன்னா பேட்டரிய கழட்டி மாட்டியிருக்காங்க. சில நாள் ஓட்டினாதான் அந்த பரிசோதனை எல்லாம் முடியும். என்ன கோளாறு இருந்துச்சுன்னு இனிமே தெரியாது. ஓட்டி பாத்தப்போ நாலாவது கியர்ல மிதிச்சா இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுச்சு, வேகம் ஏறல. கிளட்ச் வழுக்குது.

திரும்பி வர்ற வழில, ஸ்கூட்டர் விலை 100ங்கற அதே கணக்குல ஒரு தாள்ல எழுதினோம். டைமிங் பெல்ட் செட்டும் வாட்டர் பம்பும் 6, டயர் 11, கிளட்ச் 8, முன்பக்க ஷாக்கும் புஷ்ஷும் 6, பிரேக் 3. மொத்தம் 34. காரோட விலை 82, ஆக 116. பேர் மாத்தறது, இன்சூரன்ஸ் 7. 123. என்கிட்ட இருந்தது 118. அழிச்ச கோளாறு என்னங்கறது இந்த கணக்குல இல்ல. நான் இதுக்காக பழைய கார் வாங்காதீங்கன்னு சொல்லல, பில் எல்லாம் கோர்த்து வச்சிருக்கற ஒருத்தர்கிட்ட, விலைல மூணுல ஒரு பங்காவது மிச்சம் கையில வச்சுட்டு வாங்கினா அது நல்ல வண்டியாவே இருக்கும். என்கிட்ட அந்த மிச்சம் இல்ல, மாசா மாசம் சம்பளத்துல நூத்துக்கு 27 குடுக்கற வசதியும் இல்ல.

ஸ்கூட்டர் எடுத்ததுல 100 போச்சு, மிச்சம் 18. அதுல 7 ஹெல்மெட், கிளவுஸ், ஜாக்கெட், மழை கோட், கணுக்கால மூடற ஷூவுக்கு ஒதுக்கினேன், 11 அக்கவுண்ட்லயே விட்டேன். அப்பா ஒரே ஒரு விஷயத்துல மட்டும் விட்டுக்குடுக்கவே இல்ல, கார்ல உன்ன சுத்தி இரும்பு இருக்கு, இதுல ஒண்ணும் இல்லன்னு. அது உண்மை, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, அதனாலதான் அந்த 7 பங்குல ஒரு பைசாகூட குறைக்கல. ஹெல்மெட் வாங்கறப்போ ஸ்ட்ராப்ப மாட்டிட்டு பின்பக்கத்த புடிச்சு முன்னாடி தள்ளி பாத்தேன், கழண்டு வந்தா அது நம்ம தலைக்கு இல்ல. தலைய ஆட்டினா ஹெல்மெட் தனியா ஆடாம கன்னத்து தோலும் சேந்து நகரணும். நான் எடுத்தது போட்ட முதல் வாரம் இறுக்கமா இருந்துச்சு, அப்புறம் சரியாச்சு.

ஷோரூம்ல எல்லாரும் கலர் பாக்கறாங்க, நான் சென்டர் ஸ்டாண்ட் போட்டு பாத்தேன். சுமார் 110 கிலோ வண்டி, நான் குட்டையான ஆளு. முதல் ரெண்டு வண்டில கையால தூக்க பாத்தேன், முடியல. அங்க வேலை பாத்த ஒரு அக்கா வந்து "தூக்காதீங்க, ஸ்டாண்டோட ரெண்டு காலும் தரைய தொடற வரைக்கும் வண்டிய நிமித்துங்க, அப்புறம் உங்க எடை முழுக்க அந்த மிதி மேல ஏறி நில்லுங்க, கை சும்மா புடிச்சா போதும்"னாங்க. ஏறி நின்னேன், வண்டி தானா பின்னாடி ஏறி உக்காந்துச்சு. உக்காந்தா ரெண்டு பாதத்தோட முன்பகுதியும் நல்லா ஊனணும், உக்காந்தபடியே பின்னாடி தள்ள முடியணும், இந்த ரெண்டும் எந்த வண்டில முடிஞ்சதோ அதத்தான் எடுத்தேன்.

ஒம்பதாவது நாள் விழுந்தேன். வேகமா போய் இல்ல, நடக்கற வேகத்துல யூ டர்ன் அடிக்கறப்போ. திரும்ப பயந்து ஆக்சிலேட்டர முழுசா விட்டுட்டு முன் பிரேக்க புடிச்சேன், வண்டி அப்படியே உள்பக்கமா சாஞ்சு படுத்துடுச்சு, கண்ணாடி ஒடஞ்சுது, முட்டி ஒரு வாரம் நீலமா இருந்துச்சு. காரணம் புரியாம மறுபடி ஓட்ட பயமா இருந்ததால மெக்கானிக் அண்ணாகிட்டயே போய் கேட்டேன். கியர் இல்லாத ஸ்கூட்டர்ல கிளட்ச் நம்ம கையில இல்ல, இன்ஜின் சுத்தற வேகத்துலதான் அது தானா புடிக்கும். மெதுவா போறப்போ ஆக்சிலேட்டர முழுசா விட்டா கிளட்ச் விட்டுடும், வீலுக்கு இழுவையே இருக்காது, இழுவை இருக்கறப்போதான் வண்டி நிமிந்து நிக்கும். ஹேண்டில் திரும்பியிருக்கறப்போ முன் பிரேக் புடிச்சா மிச்சமும் போச்சு, நேரா கீழதான்.

அவர் சொன்னபடி ஒரு காலி மைதானத்துல ரெண்டு கல்ல பத்து எட்டு தள்ளி வச்சு, அத சுத்தி 8 வடிவத்துல ஓட்டி பழகினேன். ஆக்சிலேட்டர கொஞ்சமா, ஒரே அளவுல புடிச்சு வச்சுக்கணும், வேகத்த பின் பிரேக்க லேசா உரசவிட்டு குறைக்கணும், கண்ணு முன் வீல பாக்காம போகப்போற இடத்த பாக்கணும். முதல் நாள் கால ஊனாம ஒரு சுத்துகூட வரல. நாலாவது நாள் இருவது சுத்து போட்டேன்.

அதே மைதானத்துலயே பிரேக்கும் பழகினேன். முன் பிரேக் புடிச்சா தூக்கி எறிஞ்சிடும்னு யாரோ சின்ன வயசுல சொன்னது மனசுல இருந்ததால நான் பின் பிரேக் மட்டுமே புடிச்சுட்டு இருந்தேன். ஒரு கோடு போட்டு, 30 வேகத்துல வந்து கோட்டுல பிரேக் அடிச்சு, நின்ன இடம் வரைக்கும் எட்டு வச்சு அளந்தேன். பின் பிரேக் மட்டும்னா 14 எட்டு, பின் வீல் வழுக்கி கோணலா நின்னுச்சு. ரெண்டும் சேத்து, முன் பிரேக்க வெடுக்குன்னு புடிக்காம ஒரு பழத்த பிழியற மாதிரி இறுக்கிட்டே போனா 8 எட்டு. அந்த ஆறு எட்டுல ஒரு ஆள் தாராளமா நிக்கலாம். பிரேக் அடிச்சா எடையில பெரும்பகுதி முன்னாடி போய் விழும், பின் வீல் லேசாயிடும், அதனாலதான் அது வழுக்குது, முன் வீல் இன்னும் அழுத்தி புடிக்குது. ஆனா இது நேரா போறப்போ, காஞ்ச ரோட்ல. ஈரத்துல, மணல் மேல, ரோட்ல பெயிண்ட் அடிச்ச கோட்டு மேல, இரும்பு மூடி மேல வெடுக்குன்னு புடிக்கவே கூடாது, அதுக்கு முன்னாடியே வேகத்த குறைச்சிடணும். மழை ஆரம்பிச்ச முதல் கொஞ்ச நேரம் ரோட்ல படிஞ்ச எண்ணெய் மேல வந்து மிதக்கும், அப்போ நான் ஓரமா நிறுத்திடுவேன்.

மழைல நனையறேன்தான். கோட்டு போட்டாலும் ஷூக்குள்ள தண்ணி போயிடுது, ஆபீஸ்ல ஒரு ஜோடி மாத்து செருப்பு வச்சிருக்கேன். அம்மாவுக்கு ஆஸ்பத்திரின்னா வாடகை கார்தான், போன எட்டு மாசத்துல பத்து தடவ புடிச்சோம். ஒதுக்கி வச்ச 11ல கண்ணாடிக்கும் ஒரு பஞ்சருக்கும் போக மிச்சம் அப்படியே இருக்கு, மாசம் மறுபடி சேக்க ஆரம்பிச்சாச்சு.

போன வாரம் அப்பா முதல் தடவையா என் பின்னாடி உக்காந்தார். கிளம்பறதுக்கு முன்னாடி நான் மீட்டர எடுத்து பின் டயர்ல காத்து அளந்தேன், ரெண்டு பேருக்கு எவ்வளவு வேணும்னு சீட்டுக்கு அடில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல இருக்கு, கொஞ்சம் குறைவா இருந்துச்சு, பம்பால அடிச்சேன். "ஓட்டுறதுக்கு முன்னாடிதான் அளக்கணுமா, வந்து அளக்கலாமே"ன்னார். ஓடினா டயர் சூடாகி அளவு கூட காட்டும்ப்பா, ஆறியிருக்கறப்பதான் சரியான அளவு தெரியும்னேன். மீட்டர என் கையிலருந்து வாங்கி வெளிச்சத்துல புடிச்சு பாத்தார். அப்புறம் தானே குனிஞ்சு முன் டயரோட மூடிய கழட்டி அளந்துட்டு, சரியா இருக்குன்னு சொல்லி, ஏறி உக்காந்தார்.